மாரிமெக்கோ விளக்கப்படம்: அட்டவணை ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது

செங்கனி

நாளை மறுநாள் ஒரு கூட்டத்தில் சந்தைப் பங்கு பற்றிப் பேச வேண்டும். நான்கு மண்டலங்கள், மூன்று வாடிக்கையாளர் பிரிவுகள். மாரிமெக்கோ விளக்கப்படமாக வேண்டும் என்று மேலாளர் கேட்டிருந்தார். மண்டலத்தின் சந்தை எவ்வளவு பெரிதோ அவ்வளவு அகலத்தில் ஒரு பட்டை, அந்தப் பட்டைக்குள் பிரிவுகளின் சதவீதம் உயரமாக. வரைந்தும் முடித்துவிட்டேன். அலுவலக எண்களைத் தர முடியாது என்பதால் முழு எண்களாக மாற்றித் தருகிறேன். மொத்தச் சந்தை 1000 அலகு.

| மண்டலம் | சந்தை | பெரிய நிறுவனங்கள் | சிறு நிறுவனங்கள் | தனிநபர்கள் |
|---|---|---|---|---|
| வடக்கு | 400 | 50% | 30% | 20% |
| தெற்கு | 300 | 40% | 30% | 30% |
| மேற்கு | 200 | 25% | 35% | 40% |
| கிழக்கு | 100 | 10% | 20% | 70% |
| சராசரி | | 31.25% | 28.75% | 40% |

கடைசி வரியைப் பார்த்தால் தனிநபர் பிரிவுதான் பெரியது. படத்தைப் பார்த்தால் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த நீலம்தான் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. "படம் தவறா, அட்டவணை தவறா?" என்று கேட்டுவிட்டு மேலாளர் போய்விட்டார். எனக்கும் தெரியவில்லை.

கூட்டல்புலி

படத்தை நம்பாதீர்கள். பரப்பளவை ஒப்பிடுவதில் மனிதக் கண் மோசம் என்பது பழைய செய்தி. கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இருவர் 1984இலேயே இதைச் சோதித்து எழுதிவிட்டார்கள். ஒரே அளவுகோலில் நிற்கும் புள்ளிகளை நன்றாக ஒப்பிடுகிறோம், நீளத்தை அதைவிடச் சற்றுக் குறைவாக, பரப்பை இன்னும் குறைவாக. அட்டவணையைக் கூட்டிப் பார்த்தேன். 50, 40, 25, 10 சேர்ந்தால் 125, நான்கால் வகுத்தால் 31.25. கணக்கு சரி. நீலம் பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கம்.

அளவுகோல்

புலியாரே, கூட்டல் சரி. நான்கால் வகுத்த இடத்தில்தான் வண்டி கவிழ்ந்துவிட்டது.

நான்கால் வகுக்கும்போது 400 அலகுள்ள வடக்கும் 100 அலகுள்ள கிழக்கும் ஒரே எடை என்று வைத்துக்கொள்கிறீர்கள். சதவீதத்தை விட்டுவிட்டு அலகுகளாகப் போட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் வடக்கில் 200, தெற்கில் 120, மேற்கில் 50, கிழக்கில் 10. சேர்த்தால் 380. சிறு நிறுவனங்கள் 120, 90, 70, 20, மொத்தம் 300. தனிநபர்கள் 80, 90, 80, 70, மொத்தம் 320. மூன்றையும் கூட்டினால் 1000 வருகிறது. ஆக, பெரிய நிறுவனங்கள் 38%, தனிநபர்கள் 32%, சிறு நிறுவனங்கள் 30%.

செங்கனி, உங்கள் படம் சரி. அட்டவணையின் கடைசி வரிதான் தவறு. கிழக்கின் 70% என்ற ஒற்றை எண், பத்தில் ஒரு பங்கு சந்தையில் இருந்துகொண்டு, கால் பங்கு குரல் எழுப்பியிருக்கிறது. இங்கே வேண்டியது நிறையிட்ட சராசரி. மாரிமெக்கோவில் அகலம்தான் அந்த நிறை. பட்டையின் அகலத்தை உயரத்தால் பெருக்கினால் வரும் பரப்பு அந்தக் கட்டத்தின் அலகு. ஒரு நிறத்தின் பரப்பை எல்லாம் கூட்டினால் அந்தப் பிரிவின் மொத்தப் பங்கு. நீங்கள் அட்டவணையில் செய்யத் தவறியதைப் படம் தானாகவே செய்துவிட்டது.

இதையே சரிபார்ப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். பிரிவுகளின் மொத்தச் சதவீதத்தைப் படத்துக்கு வலப்புறம் ஒரு தனிப் பட்டையாக, சிறு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அதில் 38, 30, 32 இருக்க வேண்டும். அங்கே 31, 29, 40 என்று வந்தால் யாரோ நான்கால் வகுத்திருக்கிறார்கள்.

கூட்டல்புலி

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண் பற்றிச் சொன்னதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெண்பலகை

விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். இதே எண்களை வரைந்து பார்த்தேன். வடக்கின் தனிநபர் கட்டம் 40 அகலம், 20 உயரம், படுத்திருக்கிறது. மேற்கின் தனிநபர் கட்டம் 20 அகலம், 40 உயரம், நிற்கிறது. இரண்டும் 80 அலகுதான். வீட்டில் இருவரிடம் காட்டி எது பெரியது என்று கேட்டேன். இருவரும் நிற்பதைக் காட்டினார்கள். இருவரைக் கேட்டதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குமே நிற்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. கிழக்கின் 70% கட்டமோ கம்பம் போல் உயர்ந்து நிற்கிறது. அதன் அளவு 70. படுத்திருக்கும் வடக்கின் 80ஐவிடச் சிறியது என்று படத்தைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. பெரிய நிறுவனங்கள் அடியில் இருப்பதால் எல்லாப் பட்டைகளிலும் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. 50, 40, 25, 10 என்று படிக்கட்டு இறங்குவது பளிச்சென்று தெரிகிறது. தனிநபர்கள் மேலே 100% கோட்டிலிருந்து தொங்குகிறார்கள், அதையும் தலைகீழாகப் படித்துவிடலாம். நடுவில் மிதக்கும் சிறு நிறுவனங்கள்தான் பாவம். வடக்கில் 50இலிருந்து 80 வரை, மேற்கில் 25இலிருந்து 60 வரை. எது உயரம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். மேற்கு 35, வடக்கு 30. எண்ணை எழுதாவிட்டால் தெரியாது. மூன்று பிரிவுகள் இருந்தால் மிதப்பது ஒன்று. ஆறு இருந்தால் நான்கு மிதக்கும். அப்போது படம் வெறும் வண்ணத் துணிதான்.

தறிக்காரர்

துணி என்றதும் எனக்கு வேலை வந்துவிட்டது. மாரிமெக்கோ என்பது பின்லாந்தின் துணி நிறுவனம், 1951இல் ஆர்மி ராட்டியா தொடங்கியது. பின்னிஷ் மொழியில் மெக்கோ என்றால் பெண்கள் அணியும் உடுப்பு, ஆகவே பெயரின் பொருள் மாரியின் உடுப்பு. பெரிய பெரிய வண்ணக் கட்டங்களும் பூக்களும் அச்சிட்ட துணிகள். படத்தின் தோற்றம் அந்தத் துணிகளை நினைவுபடுத்துவதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தலைப்பில் அந்தப் பெயரைப் பார்த்து, துணிச் சந்தை பற்றிய விவாதம் என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன். வந்தது வந்தாயிற்று, படித்துவிட்டுப் போகிறேன்.

கூட்டல்புலி

புள்ளியியல்காரர்கள் இதையே மொசைக் படம் என்பார்கள். ஹார்டிகன், கிளைனர் 1981இல் எழுதியது. இரண்டும் ஒன்றுதான்.

அளவுகோல்

வடிவியல் ஒன்றுதான், வேலை வேறு. மொசைக் படத்தில் கேள்வி "மண்டலத்துக்கும் பிரிவுக்கும் தொடர்பு உண்டா?" என்பது. தொடர்பே இல்லையென்றால் எல்லாப் பட்டைகளும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டு, கோடுகள் நேராக ஓடும். சந்தைப் படத்தில் கேள்வி "பணம் எந்தக் கட்டத்தில் கிடக்கிறது?" என்பது. அதனால் இங்கே கட்டத்துக்குள் எண் எழுதியே ஆக வேண்டும்.

செங்கனி

அனைவருக்கும் நன்றி. கடைசி வரியைத் திருத்திவிட்டேன். மேலாளரிடம் அட்டவணைதான் தவறு என்று சொல்ல நேர்ந்தது சற்றுச் சங்கடம்தான்.

இப்போது இன்னொரு சிக்கல். மேலே நான் தந்தது முழு எண்கள். படத்தை எக்செலில் அடுக்குப் பரப்பு வகையில், அச்சைத் தேதி அச்சாக மாற்றி வரைந்தேன். உண்மையான தரவில் மண்டலங்களின் பங்கு 37.5, 31.5, 20.5, 10.5. அதைப் போட்டதும் தெற்கும் கிழக்கும் கொஞ்சம் பருத்துவிட்டன. கண்மயக்கம் என்று நினைத்து அளவுகோலை வைத்துத் திரையிலேயே அளந்துவிட்டேன். உண்மையாகவே பருத்திருக்கின்றன.

அளவுகோல்

திரையில் அளவுகோல் வைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். நல்ல பழக்கம்.

எக்செலில் மாரிமெக்கோ என்று ஒரு வகையே கிடையாது, அதனால் எல்லோரும் நீங்கள் செய்த சுற்றுவழியில்தான் போகிறார்கள். மற்றவர்களுக்காக உங்கள் முதல் எண்களை வைத்தே அதை எழுதுகிறேன். ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு வரிகள்: தொடங்கும் இடம், முடியும் இடம். முதல் எண் கிடை அச்சில் உள்ள இடம், அடுத்த மூன்றும் பிரிவுகளின் சதவீதம்.

```
0    50  30  20
40   50  30  20
40   40  30  30
70   40  30  30
70   25  35  40
90   25  35  40
90   10  20  70
100  10  20  70
```

40 இரண்டு முறை வருவதுதான் சூட்சுமம். ஒரே தேதியில் இரண்டு மதிப்புகள் இருந்தால் எக்செல் அவற்றுக்கு இடையே செங்குத்தாகக் கோடு இழுக்கிறது, அதுதான் பட்டையின் விளிம்பு. `Format Axis` பகுதியில் `Date axis` என்று தேர்ந்தெடுக்க மறந்தால், எட்டு வரிகளும் எட்டுச் சம இடங்களாகி, விளிம்புகள் சாய்ந்து மலைச்சரிவு போல் இருக்கும். சாய்வைப் பார்த்தால் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

உங்கள் சிக்கல் அடுத்த படி. தேதி அச்சின் மிகச் சிறிய அலகு ஒரு நாள். அரை நாள் என்று ஒன்று அதற்குத் தெரியாது, பின்னத்தை விட்டுவிடும். உங்கள் எல்லைகள் 37.5, 69, 89.5, 100. அது வரைந்தது 37, 69, 89, 100. ஆகவே அகலங்கள் 37, 32, 20, 11 ஆகிவிட்டன. தெற்கும் கிழக்கும் ஆளுக்கு அரை புள்ளி தின்றுவிட்டன, வடக்கும் மேற்கும் இழந்தன. கிழக்கு சிறியது என்பதால் அந்த அரை புள்ளி அதற்குக் கிட்டத்தட்ட 5% பெருக்கம். எல்லைகளை எல்லாம் பத்தால் பெருக்கி 375, 690, 895, 1000 என்று கொடுங்கள், சரியாகிவிடும். எண்களை முழுதாக்கி இங்கே தந்ததால்தான் இந்தப் பிழை எங்களுக்கு முதலில் தெரியாமல் போயிற்று.

பின்னிரவு

எக்செலோடு மல்லுக்கட்டாமல் பைதானில் எட்டு வரியில் முடிக்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு குழி உண்டு, நான் விழுந்திருக்கிறேன்.

```python
import matplotlib.pyplot as plt
x, w = [0, 40, 70, 90], [40, 30, 20, 10]
h = [[50, 40, 25, 10], [30, 30, 35, 20], [20, 30, 40, 70]]
b = [0, 0, 0, 0]
for r in h:
    plt.bar(x, r, width=w, bottom=b, align="edge", edgecolor="white")
    b = [p + q for p, q in zip(b, r)]
plt.show()
```

`align="edge"` என்பதை விட்டுவிட்டால் `x` பட்டையின் இடது விளிம்பாக இல்லாமல் நடுவாகிவிடும். அப்போது வடக்கு −20இலிருந்து 20 வரை, தெற்கு 25இலிருந்து 55 வரை, மேற்கு 60இலிருந்து 80 வரை, கிழக்கு 85இலிருந்து 95 வரை. கவனியுங்கள், எல்லா இடைவெளியும் சரியாக 5. வேண்டுமென்றே அழகுக்காக விட்டது போல் இருக்கும்! அகலங்கள் பத்துப் பத்தாகக் குறைவதால் வந்த தற்செயல் அது. இதே பட்டைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இடைவெளிக்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். முதல் பட்டை பூஜ்யத்துக்கு இடப்புறம் போகிறதா என்று பாருங்கள், அதுதான் காட்டிக்கொடுக்கும்.

நெடுஞ்சாலை

என் கதையும் இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகளின் மாரிமெக்கோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலாண்டு மொத்தம் 1000, வடக்கு 400. அடுத்த ஆண்டு மொத்தம் 1440, வடக்கு 432. படத்தில் வடக்கு 40இலிருந்து 30 ஆக ஒடுங்கிவிட்டது. "வடக்கில் ஏன் சரிந்தோம்?" என்று கேட்டுக் கேட்டு அந்த மண்டலத்துக்காரரை வாட்டிவிட்டார்கள். அவர் சந்தை 8% வளர்ந்திருந்தது. நான் வரைந்த படத்துக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டல்புலி

மொத்தப் பரப்பு 1.44 மடங்காக வேண்டும், அவ்வளவுதானே? இரண்டாவது படத்தை அகலத்திலும் உயரத்திலும் 1.2 மடங்கு பெரிதாக்குங்கள்.

அளவுகோல்

பரப்பு சரியாக வரும். ஆனால் உயரம் மாறினால் ஒரு படத்தின் 50% கோடும் மற்றதன் 50% கோடும் ஒரே மட்டத்தில் இருக்காது, பங்கை ஒப்பிட முடியாமல் போகும். உயரம் இரண்டிலும் 100% தான், அதைத் தொடாதீர்கள். அகலத்தை மட்டும் நீட்டுங்கள். முதல் படம் 10 செ.மீ. என்றால் இரண்டாவது 14.4 செ.மீ. அப்போது வடக்கு 4 செ.மீ. இலிருந்து 4.32 செ.மீ. ஆகும், வளர்ந்தது தெரியும்.

செங்கனி

கூட்டம் முடிந்தது. படத்தைப் பார்த்ததும் வந்த முதல் கேள்வி: "கிழக்கில் தனிநபர்களிடம் நமக்கு 70% பங்கா? அருமை!" என்பது. அது அந்தப் பிரிவின் பங்கு, நம் நிறுவனத்தின் பங்கு அல்ல என்று விளக்கி முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. தலைப்பில் "சந்தைப் பங்கு" என்று எழுதியது நான்தான்.

அளவுகோல்

இது உங்கள் குறை மட்டுமல்ல. அந்த ஒரு கட்டத்துக்கே மூன்று சதவீதங்கள் உண்டு. கிழக்குச் சந்தையில் அது 70%. மொத்தச் சந்தையில் 7%. அந்த 70 அலகில் உங்கள் நிறுவனம் 35 விற்றால் உங்கள் பங்கு 50%. மூன்றையும் "பங்கு" என்றே சொல்கிறோம். மாரிமெக்கோ முதல் இரண்டைக் காட்டும், உயரமாக ஒன்றை, பரப்பாக ஒன்றை. மூன்றாவதற்கு அதில் இடமில்லை.

நிறத்தின் அடர்த்தியாக அதைக் காட்டுவோர் உண்டு. ஆனால் நிறம் ஏற்கெனவே பிரிவைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஒரே ஆளுக்கு இரண்டு வேலை. உங்கள் கேள்வி நிறுவனப் பங்கு என்றால் வேறு மாதிரி வரையுங்கள். பன்னிரண்டு கட்டங்களும் பன்னிரண்டு பட்டைகள். அகலம் அந்தக் கட்டத்தின் சந்தை, உயரம் அதில் உங்கள் பங்கு. வடக்கின் பெரிய நிறுவனங்கள் 200 அகலத்தில் 10% என்றால் தாழ்ந்து படுத்திருக்கும், கிழக்கின் தனிநபர்கள் 70 அகலத்தில் 50% என்று நிமிர்ந்து நிற்பார்கள். பரப்பு உங்கள் விற்பனை, முன்னதில் 20, பின்னதில் 35. எல்லாப் பட்டைகளும் பூஜ்யத்திலேயே தொடங்குவதால் வெண்பலகை சொன்ன மிதக்கும் சிக்கலும் இல்லை.

வெண்பலகை

இந்தப் படத்துக்கு நான் கை தூக்குகிறேன். ஆனால் பட்டைகளை எந்த வரிசையில் நிறுத்துவது? அகலப்படி நிறுத்தினால் பெரிய சந்தைகள் முன்னால் வரும், ஒரே மண்டலத்தின் மூன்று பட்டைகள் மூன்று மூலைக்குப் போய்விடும்.

அளவுகோல்

மண்டலவாரியாகச் சேர்த்து நிறுத்தி, மண்டலத்துக்குள் அகலப்படி அடுக்குவேன்.

நெடுஞ்சாலை

நான் உயரப்படிதான் நிறுத்துவேன். பங்கு குறைந்த அகலமான பட்டைகள் ஒரு பக்கமாக ஒதுங்கும், எங்கே ஆள் அனுப்ப வேண்டும் என்று உடனே தெரியும். மண்டலத்தை நிறத்தில் காட்டிக்கொள்ளலாம்.

அளவுகோல்

ஒவ்வொரு காலாண்டிலும் பங்கு மாறும், வரிசையும் மாறும். போன முறை மூன்றாவதாக இருந்ததைத் தேட வேண்டியிருக்கும். எனக்கு அது ஒத்துவராது.

செங்கனி

இரண்டையும் வரைந்து மேலாளரிடம் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டார். எதை என்று சொன்னால் இங்கே சண்டை தொடரும்.